மெக்கானிக் பேசியதை வேலைப் பட்டியலாக எழுதுவது: குமுளியிலிருந்து ஓர் அனுபவம்

குமுளியில் எங்கள் வீட்டுப் பிழைப்பு ஒரு பிக்கப் வண்டியை நம்பி நடக்கிறது. கம்பம் சந்தையில் காய்கறி ஏற்றி, மலையேறி, குமுளி, வண்டன்மேடு, கட்டப்பனைக் கடைகளுக்குக் கொடுப்பதும், திரும்புகையில் வாழைத்தாரோ மரவள்ளிக்கிழங்கோ கிடைத்தால் ஏற்றிக்கொண்டு இறங்குவதும்தான் வேலை. வண்டி ஓட்டுவது என் கணவர். வரவு செலவு எழுதுவது நான். வொர்க்‌ஷாப்பிலிருந்து வந்து, "கிளட்ச் வேலை, பிரேக் வேலை, எல்லாம் சேர்த்து இருபத்தஞ்சு வருமாம்" என்று அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டால், கையில் இருக்கும் பணத்தில் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று எனக்குத் தெரிவதில்லை. ஆகவே, மெக்கானிக் அண்ணனின் சம்மதத்தைக் கேட்டு, அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே விளக்குவதைப் போனில் பதிவு செய்து கொண்டுவரும்படி என் கணவரிடம் சொன்னேன். பதினோரு நிமிடங்கள் ஓடும் அந்தப் பதிவை ஒரு பக்கப் பட்டியலாக மாற்றியபோது நான் தெரிந்துகொண்டதை, வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பதிவைப் பற்றி ஒன்று. வொர்க்‌ஷாப்பில் கம்பிரசர் ஓடும். பக்கத்தில் யாராவது சுத்தியலால் தட்டிக்கொண்டிருப்பார்கள். போனைச் சட்டைப்பையில் வைத்தால் துணி உரசும் சத்தம்தான் பதிவாகும். கையில் பிடித்து, பேசுகிறவர் பக்கம் நீட்டவேண்டும். அதைவிட முக்கியமானது, மெக்கானிக் கையால் காட்டிக்கொண்டு "இது போச்சு", "அங்க ஆட்டம் இருக்கு" என்று பேசுவார் என்பது. பதிவில் கை தெரியாது. பக்கத்தில் நிற்பவர் உடனே "கிளீனர் சைடு முன் வீல்தானே அண்ணே?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால், அந்த விடை பதிவில் நின்றுவிடும். எங்கள் பதிவில் என் கணவர் இதைப் பாதி இடங்களில் செய்திருந்தார். மீதி இடங்களுக்காக நான் மறுபடியும் போன் செய்ய வேண்டியிருந்தது.

பதிவு கைக்கு வந்ததும் எதையும் எழுதாமல் முழுவதையும் ஒருமுறை கேட்டேன். இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அவர் சொன்ன ஒவ்வொரு கோளாற்றையும் அவருடைய சொற்களிலேயே எழுதி, பக்கத்தில் அது பதிவின் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்பதையும் குறித்துக்கொண்டேன். நேரக் குறிப்பு இருந்தால், பின்னால் "அவர் அப்படியா சொன்னார்?" என்ற சந்தேகம் வரும்போது முழுப் பதிவையும் தேட வேண்டாம். சொற்களை அப்படியே எழுதுவதற்குக் காரணம் வேறு. "போயிருக்கும்னு நினைக்கிறேன்" என்று அவர் சொன்னதை நான் "போய்விட்டது" என்று சுருக்கிவிட்டால், மாற்றத் தேவையில்லாத சாமானுக்கும் பணம் ஒதுக்கிவிடுவேன்.

இப்போது பதிவில் இருந்ததற்கு வருகிறேன். அவர் முதலில் பேசியது கிளட்சைப் பற்றி. ஏனென்றால் என் கணவர் முறையிட்டுக்கொண்டு போனது அதைத்தான். முழு லோடுடன் லோயர் கேம்ப் தாண்டி மலையேறும்போது, மூன்றாவது கியரில் எஞ்சின் இரைச்சல் கூடுகிறது, வண்டி வேகம் கூடுவதில்லை, கருகல் வாடையும் வருகிறது. பிளேட் தேய்ந்து கிளட்ச் வழுக்குவதன் நேரான அடையாளம் அது. ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் அதையே விளக்கினார். பிறகு வாட்டர் பம்பின் அடியில் சொட்டு விழுவதையும், டேப்பட் கவர் பேக்கிங்கில் ஆயில் கசிவதையும் சொன்னார். ஆறாவது நிமிடத்தில் இன்னொரு வண்டிக்காரர் வந்து ஏதோ கேட்க, அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பியவர், குரலை உயர்த்தாமல் இப்படிச் சொல்கிறார்: "ஆமா தம்பி, பின்னாடி கிளீனர் சைடு டிரம் கழட்டினப்போ உள்ள ஈரமா இருந்துச்சு. வீல் சிலிண்டர் ஒழுகுது. அதையும் பாத்துடணும்." அவ்வளவுதான், அடுத்த வாக்கியத்தில் முன் வீலின் பிரேக் பேடுக்குப் போய்விட்டார்.

பதினோரு நிமிடப் பேச்சில் மிக ஆபத்தான கோளாறு இந்த மூன்று சிறு வாக்கியங்களில் இருந்தது. மெக்கானிக் எதைப் பற்றி அதிக நேரம் பேசுகிறார் என்பது, எது விளக்குவதற்குக் கடினம் அல்லது எதை வண்டிக்காரர் கேட்டார் என்பதைக் காட்டுமே தவிர, எது அவசரம் என்பதைக் காட்டாது. அவருக்கு அது தெரிந்த விஷயம். டிரம்முக்குள் ஈரம் என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும் என்று நினைக்கிறார். பட்டியல் எழுதுகிறவருக்கு அது புரியவேண்டும்.

வீல் சிலிண்டர் என்பது, பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் இரண்டு லைனர்களையும் டிரம்மின் மேல் தள்ளுகிற சிறிய பாகம். அதன் ரப்பர் வாஷர் தேய்ந்தால் ஆயில் கசிந்து லைனரை நனைக்கும். நனைந்த லைனர் டிரம்மைப் பிடிக்காது. ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காமல் போவதால், பிரேக் மிதிக்கையில் வண்டி ஒருபுறமாக இழுக்கும். கசிவு அதிகமானால் ஆயில் டேங்க்கில் அளவு இறங்கும். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் ஆயில் ஓடும் பாதை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், பின் வீல்களின் பாதை காலியானாலும் முன் வீல்கள் வண்டியை நிறுத்தும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் வண்டியின் முன் பேடுகளில் 3 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அதே பதிவில் அவர் சொல்கிறார். "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்றும் சேர்த்துச் சொல்கிறார். கம்பத்திலும் கூடலூரிலும் சமநிலத்தில் ஓடும் வண்டிக்கு அது சரியான பேச்சாக இருக்கலாம். குமுளியிலிருந்து லோடுடன் இறங்கும் வண்டியில், பின் பிரேக்கின் பாரத்தையும் சேர்த்து அந்த 3 மில்லிமீட்டர் தாங்கவேண்டும்.

ஆகவே அவசரத்தைத் தீர்மானிக்க நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று: இந்தக் கோளாறு வழியில் முற்றினால், வண்டி நின்றுபோகுமா, அல்லது நிற்காமல் போகுமா? கிளட்ச் முழுதாகப் போனால் வண்டி கொண்டை ஊசி வளைவில் நின்றுபோகும். காய்கறி வாடும், இழுத்துவரச் செலவாகும், அன்றைய வருமானம் போகும். பிரேக் போனால் வண்டி நிற்காது. முன் வீலின் டை ராடு எண்டில் ஆட்டம் இருப்பதாக எட்டாவது நிமிடத்தில் சொன்னதும் இந்த இரண்டாம் வகைதான். அது கழன்றால் ஸ்டியரிங் சொல்வதை அந்த வீல் கேட்காது. எனவே அவர் பிற்பாடு சொன்ன இரண்டும் என் பட்டியலின் தலைப்புக்கு ஏறின. முதலில் சொன்ன கிளட்ச் கீழே இறங்கியது.

அடுத்தது செலவு. பேச்சில் தொகைகள் போகிறபோக்கில் வரும்: "அது ஒரு எழுநூத்தம்பது வரும்." இந்த எழுநூற்று ஐம்பது ஒரு வீலுக்கா, இரண்டுக்குமா? கூலி சேர்ந்ததா? கம்பெனி சாமானா, லோக்கலா? பதிவை எத்தனை முறை கேட்டாலும் இதற்கு விடை கிடைக்காது. தொகை வந்த ஒவ்வொரு இடத்திலும் இந்த மூன்று கேள்விகளையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒரே போனில் கேட்டு முடித்தேன். பில் போட்டால் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனியாக வருமா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். எங்களுக்குச் சொன்ன விலை எல்லாம் சேர்த்துத்தான் என்று அவர் சொன்னார், அதையும் எழுதிக்கொண்டேன்.

அந்தப் போனில் இன்னொன்றும் தெளிவானது. கசிவு ஒரு பக்கம்தான். ஆனாலும் லைனரை இரண்டு பின் வீல்களுக்கும் சேர்த்தே மாற்றவேண்டும், இல்லையென்றால் புதியதும் பழையதும் ஒரே அளவில் பிடிக்காது என்றார். மறுபக்கச் சிலிண்டரும் அதே வயதுடையது என்பதால் அதையும் மாற்றிவிடச் சொன்னார். நனைந்த லைனரைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளில் தேய்த்து மறுபடி போடுவதுண்டா என்று கேட்டேன். சிலர் செய்கிறார்கள், உள்ளே ஊறிய ஆயில் சூடானதும் மறுபடி மேலே வரும், நான் செய்யமாட்டேன் என்றார். இதைக் கேட்டபிறகு என் பட்டியலின் முதல் பதிவு இப்படி அமைந்தது:

"பின் பிரேக். கிளீனர் சைடு வீல் சிலிண்டர் ஒழுகுகிறது (கழற்றிப் பார்த்தது, 6:12). வேலை: இரண்டு சிலிண்டர் 1,500, லைனர் செட் 1,400, பிரேக் ஆயில் முழுவதும் மாற்ற 500, கூலி 800. மொத்தம் 4,200 ரூபாய். இது முடியும்வரை வண்டி மலை இறங்கக் கூடாது."

இதில் "கழற்றிப் பார்த்தது" என்ற இரண்டு சொற்களை நான் எந்தப் பட்டியலிலும் விடமாட்டேன். ஒவ்வொரு கோளாற்றுக்கும் பக்கத்தில் அவர் அதைக் கண்ணால் பார்த்தாரா, ஓட்டிப் பார்த்து உணர்ந்தாரா, ஊகமாகச் சொன்னாரா என்பதை எழுதினால்தான், எந்தத் தொகை உறுதி, எது மாறக்கூடியது என்று விளங்கும்.

பிரேக் ஆயிலை ஏன் முழுவதும் மாற்றவேண்டும் என்பதற்கும் காரணம் பதிவிலேயே இருந்தது. ஆயில் கறுத்திருப்பதாகவும், நீண்ட இறக்கத்தின் முடிவில் பெடல் மெத்தென்று இறங்கி, வண்டி ஆறியபிறகு சரியாகிவிடுவதாகவும் என் கணவர் சொல்வது கேட்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும் என்பது தரநிலை. ஈரம் ஏறியபின் அதே ஆயிலுக்கு 140 டிகிரி இருந்தாலே போதும் என்று அந்தத் தரநிலையே ஏற்றுக்கொள்கிறது. அவ்வளவு தூரம் இறங்கிவிடும். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது சூடேறி ஆயில் கொதித்தால் உள்ளே ஆவி உண்டாகிறது. பெடலின் அழுத்தம் அந்த ஆவியை அமுக்குவதிலேயே போய்விடுகிறது. ஆறினால் ஆவி மறுபடி ஆயிலாவதால் பெடலும் திரும்பி வருகிறது. சரியாகிவிட்டதே என்று விட்டுவிடக்கூடிய அறிகுறி இதுவென்பதால், இதைத் தனியாக ஒரு வரியில் எழுதினேன்.

பெடல் விஷயத்தில்தான் பட்டியலுக்கும் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு நன்றாக விளங்கியது. அவர் சொன்னது: "ஏர் ஏறியிருக்கலாம். இல்லன்னா மாஸ்டர் சிலிண்டர் உள்ள வாஷர் போயிருக்கலாம். முதல்ல வீல் சிலிண்டர் மாத்தி ஏர் எடுப்போம். அப்பவும் பெடல் இறங்கினா மாஸ்டர்தான்." மாஸ்டர் சிலிண்டர் என்பது, பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தி வீல்களுக்கு அனுப்பும் பாகம். இதை அவசரத்தில் எழுதுகிறவர், "மாஸ்டர் சிலிண்டர், 2,800 ரூபாய்" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவார். அவர் சொன்னதோ அது அல்ல, ஒரு வரிசை. முன்னால் உள்ள வேலை முடிந்து, சோதித்துப் பார்த்தபிறகே அடுத்தது தேவையா என்று தெரியும். ஆகவே பட்டியலில் உறுதியான வேலைகளுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, "திறந்து பார்த்தபின் முடிவு செய்வது" என்று தனிப் பகுதி வைத்தேன். மாஸ்டர் சிலிண்டர் அங்கே போனது. எப்போது தேவை என்ற சோதனையும் அதனுடனே எழுதப்பட்டது: எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடித்தால், வெளியே எங்கும் கசிவு இல்லாதபோதும் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர். அப்படியே நின்றால் மாற்றவேண்டாம்.

கிளட்சிலும் இப்படி ஒன்று இருந்தது. பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் சேர்ந்த செட் 7,200, ரிலீஸ் பேரிங் 900, கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலி 2,800, ஆக 10,900 ரூபாய் உறுதி. பிளை வீலின் முகத்தில் வரி விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவ 800 ரூபாய்; அது கியர்பாக்ஸை இறக்கினால்தான் தெரியும். ரிலீஸ் பேரிங் இன்னும் சத்தம் போடவில்லை என்பதால் அதை விட்டுவிடலாமா என்று என் கணவர் பதிவில் கேட்கிறார். பேரிங்கின் விலை 900. பின்னால் அது மட்டும் போனால் கியர்பாக்ஸை மறுபடி இறக்கும் கூலி 2,800. ஒரே கூலிக்குள் அடங்கும் வேலைகளைப் பட்டியலில் அடுத்தடுத்து எழுதினால் இந்தக் கணக்குத் தானே தெரிகிறது. முன் பேடுகளை அவசரப் பகுதியில் சேர்த்ததற்கும் இது ஒரு துணைக் காரணம்: டை ராடு எண்ட் மாற்ற எப்படியும் அந்த வீலைக் கழற்றத்தான் போகிறார்கள்.

வாட்டர் பம்ப்பை எங்கே வைப்பது என்பதில்தான் நான் அதிகம் யோசித்தேன். சொட்டு விழுகிறது, ஆனால் பம்ப்பின் பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று அவர் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்கிறார். தண்ணீர் முழுவதும் இறங்கிய பிறகும் வண்டியை ஓட்டினால் ஹெட் பேக்கிங் போய்ச் செலவு பல மடங்காகும். ஆனால் அளவை நாள்தோறும் பார்த்து நிரப்பினால் அந்த நிலைமை வராது. தள்ளிப்போடும் வேலை எதுவானாலும், எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது என்று எழுதாமல் தள்ளிப்போடக் கூடாது என்பது என் எண்ணம். எனவே அதற்கு இப்படி எழுதினேன்: காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது டேங்க்கின் கோட்டைப் பார்க்கவும், ஒரே நாளில் கீழ்க் கோட்டுக்கு இறங்கினாலோ, பம்ப் பக்கம் உறுமல் கேட்டாலோ வண்டியை நிறுத்தவும். பம்ப் 2,300, கூலண்ட் 1,000, கூலி 700, ஆக 4,000 ரூபாய். கிளட்சுக்கு முன்னால் இதைச் செய்ய முடிவு செய்தோம். கிளட்ச் மாற்றும்வரை லோடைக் குறைத்து ஏற்றுவதாக என் கணவர் ஒப்புக்கொண்டார்.

கூட்டிப் பார்த்தபோது கணக்கு இப்படி நின்றது. முதலில் செய்யவேண்டியவை: பின் பிரேக் 4,200, முன் பேடு கூலியுடன் 1,900, டை ராடு எண்டும் வீல் அலைன்மெண்டும் 1,300, ஆக 7,400. அடுத்து பம்ப் 4,000. அதன்பின் கிளட்ச் 10,900. டேப்பட் கவர் பேக்கிங் 600, இதற்கு அவசரம் இல்லை. ஆயில் அளவை மட்டும் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். உறுதியான தொகை 22,900. திறந்து பார்த்தபின் கூடக்கூடியது 3,600. "எல்லாம் சேர்த்து இருபத்தஞ்சு" என்று மெக்கானிக் சொன்னது இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. ஆகவே அவருடைய கணக்கு சரியானதே. ஆனால் இருபத்தைந்தாயிரம் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, 7,400 ரூபாயில் வண்டியைப் பத்திரமாக மலை இறக்கலாம் என்பது பட்டியல் எழுதிய பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

பட்டியலைப் படமெடுத்து மெக்கானிக் அண்ணனுக்கே அனுப்பி, தவறு இருந்தால் சொல்லும்படி கேட்டேன். அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: ஆட்டம் இருப்பது டிரைவர் சைடு டை ராடு எண்டில், கிளீனர் சைடில் இல்லை. பதிவில் "இந்தப் பக்கம்" என்று மட்டும் இருந்த இடம் அது. எழுதியதைச் சொன்னவரிடமே காட்டாமல் சாமான் வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும். கோட்டுக்குக் கீழே உள்ள எதையும் தொடுமுன் போன் செய்யவேண்டும் என்று நான் எழுதியிருந்ததையும் அவர் ஏற்றுக்கொண்டார்.

பின் பிரேக் வேலை முடிந்து ஏர் எடுத்தபிறகு, எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை மிதித்துப் பிடித்துப் பார்த்தார்கள், இறங்கவில்லை. மாஸ்டர் சிலிண்டர் வரியைத் தேதி போட்டு அடித்தேன். லைனர் கம்பெனி சாமானாக வாங்கியதில் 250 ரூபாய் கூடி, முதல் பகுதி 7,650 ஆனது. பம்ப் சொன்ன விலையிலேயே முடிந்தது. கிளட்சுக்காகக் கியர்பாக்ஸை இறக்கியபோது பிளை வீலில் வரி இருந்தது. படம் எடுத்து அனுப்பிக் கேட்டபிறகே லேத்துக்குக் கொடுத்தார், 800 ரூபாய். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆன செலவையும், மாற்றிய நாளையும், அன்றைய கிலோமீட்டரையும் எழுதி, பழைய சாமான்களின் படத்தோடு வைத்திருக்கிறேன். டேப்பட் கவர் பேக்கிங் இன்னும் மாற்றவில்லை, அடுத்த எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோகும் முன் அதை முடிப்பதாக அந்த வரியின் எதிரே குறித்திருக்கிறேன்.